ஒரே வாயில் இரண்டு மாத்திரை

ஆறு மாதக் கர்ப்பிணி. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது என்று வந்தார். "பிள்ளை உண்டானால் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கிவிடும், பல்லைத் தேய்க்காதே" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அதனால் பிரஷ்ஷையே விட்டுவிட்டார். கடையில் வைட்டமின் சி மாத்திரை வாங்கிச் சப்புகிறார். சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்பு மாத்திரையையும் வெள்ளைக் கால்சியம் மாத்திரையையும் ராத்திரி ஒரே வாயில் விழுங்குகிறார். இந்தக் கதையை மாதாமாதம் கேட்கிறேன்.

தாய்க்குக் கால்சியம் குறைந்தால் குழந்தை எடுப்பது எலும்பிலிருந்து, பல்லிலிருந்து அல்ல. ஈறில் ரத்தம் வரக் காரணம் பல்லோரம் படிந்த அழுக்கு. கர்ப்பகால ஹார்மோன்கள் அந்த வீக்கத்தைக் கூட்டுகின்றன. துலக்குவதை நிறுத்தினால் அழுக்கு ஏறும், ரத்தமும் கூடும். வைட்டமின் சி ஈறின் நாரிழைகளைக் கட்டும் சத்துதான். ஆனால் தினம் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ போதும். புளிப்பு மாத்திரையைச் சப்பினால் அமிலம் எனாமலை அரிக்கும். ரத்தத்துக்கு மருந்து, பல் மருத்துவர் செய்யும் சுத்தம். நான்கு முதல் ஆறாம் மாதம் அதற்கு வசதியான காலம், குழந்தைக்கு ஆபத்தில்லை. தாலுகா அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குத் தாய் சேய் நல அட்டையோடு போங்கள்.

இனி மாத்திரை. வயிற்றிலுள்ள குழந்தையின் பால் பற்களில் சுண்ணாம்பு படிவது கர்ப்பத்தின் நான்காம் மாதம் தொடங்குகிறது. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்குப் பிறப்பை ஒட்டித் தொடங்கும். எனாமல் உருவாகி முடிந்த பிறகு எந்த மாத்திரையும் அதை மறுபடி கட்டாது. அரசு தரும் கால்சியம் மாத்திரையில் 500 மி.கி. கால்சியமும், அதைக் குடலில் உறிஞ்ச உதவும் வைட்டமின் டி 250 யூனிட்டும் இருக்கின்றன. 14-வது வாரம் முதல் பிரசவமாகி ஆறு மாதம் வரை தினம் இரண்டு.

காலைச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. இரும்பு மாத்திரை மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு, டீயோடு வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை தீராது. இதை ஒரு வரியில் சொல்லாமல் மாத்திரை அட்டையை மட்டும் நீட்டும் ஊழியர்களை என்ன சொல்வது! மாத்திரை வரவில்லையென்றால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். நடக்கவில்லையென்றால் 104-க்குப் பேசுங்கள்.

பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலில் வைட்டமின் டி போதாது. ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து தருவார்கள். ஒரு மில்லியில் 400 யூனிட்டா 800 யூனிட்டா என்பது புட்டிக்குப் புட்டி மாறும். லேபிளைப் படித்துவிட்டு அளவெடுங்கள். பெரியவர்களுக்கு எழுதும் 60,000 யூனிட் பொடி பெரும்பாலும் வாரம் ஒரு முறைக்கானது. தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

மறுபடியும் சொல்கிறேன்: சிவப்பும் வெள்ளையும் ஒரே வாயில் வேண்டாம். பிரஷ்ஷை நிறுத்த வேண்டாம்.