சீழ் வைக்காத காய்ச்சல்

“சளி இல்ல, இருமல் இல்ல சிஸ்டர். வெறும் காய்ச்சல்தான். காலைல கூட்டிட்டு வரலாமா?”

புற்றுநோய் வார்டில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்குப் பழக்கமான கேள்வி இது. கேட்பவர் ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 54 வயது, மார்பகப் புற்றுநோய். மூன்றாவது சுற்று கீமோ ஏற்றி இன்று பத்தாவது நாள். சாயங்காலம் லேசாகக் குளிர்கிறது என்றார். இரவு பத்து மணிக்கு தெர்மாமீட்டர் 101 காட்டுகிறது.

“இப்பவே கிளம்புங்க. காய்ச்சல் மாத்திரை எதுவும் குடுக்க வேணாம். வந்ததும் கீமோ போட்டு பத்து நாள் ஆச்சுன்னு முதல்ல சொல்லுங்க.”

மகளுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். வேறு தொந்தரவு இல்லாத காய்ச்சலை நாம் சாதாரணக் காய்ச்சல் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் சளியும் இருமலும் இல்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்ன விஷயம் சிஸ்டருக்கு ஆறுதல் தருவதில்லை. காரணம் தெரிய வேண்டுமானால், விரலில் முள் குத்தினால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

முள் குத்திய இடம் சிவக்கிறது, வீங்குகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. இரண்டு மூன்று நாளில் சீழ் வைக்கிறது. இதெல்லாம் கிருமியின் வேலை என்று நினைக்கிறோம். பெரும்பகுதி நம் உடம்பின் வேலை. வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்றொரு வகை உண்டு. பாக்டீரியாவோ பூஞ்சையோ உள்ளே நுழைந்ததும் முதலில் அங்கே கூடி, அதை விழுங்கிச் செரிப்பவை அவைதான். அந்தச் சண்டையில் அவையும் சாகின்றன. சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தான். நெஞ்சுச் சளி பச்சையாக வருகிறதே, அந்த நிறமும் நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம்.

அப்படியானால் நியூட்ரோஃபிலே இல்லாத உடம்பில்? நுரையீரலில் கிருமி பெருகும், சளி வராது. எக்ஸ்ரே கூடச் சுத்தமாக இருக்கலாம். சிறுநீரில் கிருமி இருக்கும், பரிசோதனையில் சீழ் அணுக்கள் தெரியாது. ஊசி குத்திய இடத்தில் தொற்று இருக்கும், சிவக்காது. மிச்சம் இருப்பது காய்ச்சல் ஒன்றுதான். திசுக்களில் தங்கியிருக்கும் வேறு வகை அணுக்கள் கிருமியைக் கண்டு வெளியிடும் ரசாயனங்கள் மூளைக்குச் செய்தி சொல்வதால் அது மட்டும் தப்பிப் பிழைக்கிறது. இருக்கிற அந்த ஒரே சாட்சியையும் பாராசிட்டமால் போட்டு அமுக்கிவிடக் கூடாது என்பதால்தான் சிஸ்டர் மாத்திரை வேண்டாம் என்றார். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களிடமும் வயதானவர்களிடமும் அந்தச் சாட்சியும் வராமல் போவதுண்டு. வெறும் நடுக்கமோ, அசதியோ, பேச்சில் ஒரு தடுமாற்றமோதான் இருக்கும். அதையும் காய்ச்சலுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் கணக்கைப் பார்ப்போம். அவசரப் பிரிவில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளை அணுக்கள் 1,200 என்று வருகிறது. அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம். ஆக, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 240 நியூட்ரோஃபில். லேப் ரிப்போர்ட்டில் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. மொத்தத்தோடு பெருக்கினால்தான் உண்மை தெரியும். சாதாரணமாக இது 2,000-க்கும் 7,000-க்கும் இடையில் இருக்கும். 1,500-க்குக் கீழே போனால் நியூட்ரோபீனியா என்று பெயர். 1,000 இருந்தால் கூட உடம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். 500-க்குக் கீழே போனால் நிலைமை வேறு. 100-க்குக் கீழே என்றால் வாசலில் காவலே இல்லை என்று அர்த்தம்.

அதென்ன பத்தாவது நாள் கணக்கு? நியூட்ரோஃபிலின் ஆயுள் மிகக் குறைவு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்துக்கு வந்தபின் ஒரு நாள் தாண்டுவதே அரிது. அதை ஈடுகட்ட மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. வேகமாகப் பிரிந்து பெருகும் அணுக்களைத் தாக்குவதுதான் கீமோ மருந்தின் வேலை. அதற்குப் புற்று அணு, மஜ்ஜை அணு என்ற பாகுபாடு தெரியாது. முதல் சில நாட்கள் மஜ்ஜையின் கையிருப்பு ஓடும். அது தீர்ந்ததும் எண்ணிக்கை சரிகிறது. பல மருந்துகளில் 7-லிருந்து 14-ஆம் நாளுக்குள் அது அடிமட்டத்தைத் தொட்டுப் பிறகு ஏறும். மருந்து ஏற்றிய மறுநாள் வாந்தியும் சோர்வுமாகக் கிடந்தவர், பத்தாம் நாள் எழுந்து நடமாடிச் சாப்பிட ஆரம்பித்திருப்பார். பார்க்கத் தேறிவிட்டவர்போல் தெரியும் நாளில்தான் ஆபத்து அதிகம். ஆரம்பத்தில் ஓடிவந்து பார்த்துக்கொண்ட சொந்தங்கள் ஊருக்குத் திரும்பியிருக்கும் நாளும் அதுவாகத்தான் இருக்கும்.

கிருமி எங்கிருந்து வருகிறது என்பதில் குடும்பங்கள் தங்களையே நொந்துகொள்வது வழக்கம். வெளியே போனதாலா, யாராவது பார்க்க வந்ததாலா என்று. பெரும்பாலும் கிருமி வெளியிலிருந்து வருவதில்லை. வாய் தொடங்கி ஆசனவாய் வரை உணவுப் பாதையின் உள்தோலும் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதுதான். அதையும் கீமோ அரிக்கிறது. வாய்ப்புண் வந்தால் உள்ளே குடலிலும் அப்படித்தான் என்று கொள்ளலாம். நேற்றுவரை குடலில் தொல்லை தராமல் வாழ்ந்த ஈ.கோலை, க்ளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்த விரிசல் வழியாக ரத்தத்துக்குள் நுழைகின்றன. வேறு சமயமாக இருந்தால் நியூட்ரோஃபில்கள் அங்கேயே கதையை முடித்திருக்கும். இப்போது தடுக்க ஆளில்லை. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரியலாம், சிறுநீரகம் நிற்கலாம்.

இந்த அவசரம் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்த ஜெரால்ட் போடியும் சக மருத்துவர்களும், நியூட்ரோஃபில் எவ்வளவு குறைகிறதோ, எவ்வளவு நாள் குறைந்தே கிடக்கிறதோ அந்த அளவுக்குத் தொற்று கூடுகிறது என்று ரத்தப் புற்று நோயாளிகளிடம் கணக்கெடுத்து 1966-இல் எழுதினார்கள். அந்நாளில் ரத்தத்தை கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருப்பதுதான் முறையான வைத்தியம். காத்திருந்ததில் பலர் முடிவு வருவதற்குள் இறந்துபோனார்கள், குறிப்பாக சூடோமோனாஸ் கிருமி புகுந்தவர்கள். பால்டிமோரில் ஸ்டீஃபன் ஷிம்ஃப் குழு அந்த வரிசையை மாற்றியது. காய்ச்சல் வந்ததுமே கார்பெனிசிலின், ஜென்டாமைசின் இரண்டையும் கொடுத்துவிட்டு அப்புறம் விசாரிப்பது என்று. 1971-இல் வெளியான அந்த முடிவுதான் இன்றைய நடைமுறைக்கு அடிப்படை. காரணம் தெரியாமல் மருந்து கொடுக்காதே என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மருத்துவம், தன் விதியைத் தெரிந்தே மீறும் இடம் இது.

அம்மாவுக்கும் அப்படித்தான் நடக்கிறது. விதிப்படி ஒரே தடவை 101 டிகிரி வந்தாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் போதும். இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கிறார்கள். எடுத்த கையோடு பிப்பராசிலின்-டாசோபாக்டம் நரம்பில் ஏறுகிறது. கவுண்ட் ரிப்போர்ட் வருவதற்குக் கூடக் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போக வேண்டும் என்பது இலக்கு. டோக்கன் வரிசையிலும் பணம் கட்டும் கவுண்டரிலும் அந்த ஒரு மணி நேரம் கரைந்துபோவது நம் ஊரில் அதிசயமில்லை. முதலிலேயே கீமோ என்று சொல்லச் சொன்னது அதனால்தான்.

எல்லோருக்கும் இந்தப் பதற்றம் வேண்டியதில்லை. நியூட்ரோபீனியா கீமோவால் மட்டும் வருவதல்ல. டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சல்களில் எண்ணிக்கை சில நாள் இறங்கித் தானாக ஏறும். அங்கே மஜ்ஜை பழுதாகவில்லை, குடல் அரிக்கப்படவுமில்லை. பி12, ஃபோலேட் குறைவு, லூபஸ் போன்ற நோய்கள், மஜ்ஜையையே பிடிக்கும் நோய்கள் என்று காரணங்கள் நீளும். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்குப் பிறவியிலேயே எண்ணிக்கை குறைவு; அவர்களுக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் கீமோ போடாதவர்களில் ஒரு கூட்டத்தை மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டும். தைராய்டு அதிகம் சுரப்பதற்காக கார்பிமசோல் சாப்பிடுபவர்கள். அவர்களில் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், நியூட்ரோஃபில் திடீரென்று அடியோடு காணாமல் போகும். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் தொண்டைக்கு மாத்திரை வாங்கிப் போடாமல், கார்பிமசோலை நிறுத்திவிட்டு அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மனநோய்க்கான க்ளோசபினும் இதே வகை. அதனால்தான் அதைச் சாப்பிடுபவர்களுக்குத் தவறாமல் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கீமோ காய்ச்சலிலும் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. வயது, ரத்த அழுத்தம், நீர்ச்சத்து, வேறு நோய்கள் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, தேறியவர்களுக்கு மாத்திரையாகவே கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதுண்டு. ஆனால் அதை முடிவு செய்வது பரிசோதித்த பிறகுதான், போனில் இல்லை.

அம்மாவுக்கு மறுநாள் மாலை கல்ச்சரில் ஈ.கோலை வளர்கிறது. கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கு அடங்காத ரகம். நம் நாட்டில் இது அரிதல்ல. மெரோபெனத்துக்கு மாற்றுகிறார்கள். பல பேருக்குக் கல்ச்சரில் எதுவுமே வளராது, எது என்று கடைசிவரை தெரியாமலே காய்ச்சல் இறங்கிவிடும். இவருக்குக் கிருமியின் பெயராவது கிடைத்தது. எங்கிருந்து புகுந்தது என்றுதான் தெரியவில்லை. எக்ஸ்ரே சுத்தம், சிறுநீர் சுத்தம்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இல்லை. நியூட்ரோஃபில் 900-க்கு ஏறியிருக்கிறது. அன்று காலையில் அம்மா மகளைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகச் சொல்கிறார், மலம் கழிக்கும் இடத்தில் வீங்கிச் சிவந்து தெறிக்கிறது என்று. லேசான எரிச்சல் வரும்போதே இருந்ததாம். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டாராம்.

“நல்லாயிட்டு வந்த நேரத்துல புதுசா கட்டி வந்திருக்கே டாக்டர்?” என்று மகள் பதறுகிறார்.

“புதுசு இல்லம்மா. அன்னைக்கே அங்கதான் இருந்திருக்கு. கவுண்ட் ஏறுதுல்ல, இப்பதான் சீழ் வைக்குது” என்கிறார் டாக்டர். சர்ஜனைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்.