ஏலச் சீட்டின் இரு பக்கங்கள்: சேமிப்பவருக்கு ஈவு, எடுப்பவருக்கு வட்டி

மாதந்தோறும் ஒரு தொகை கட்டி, முறை வரும்போது மொத்தமாகப் பெறும் சீட்டு முறை இந்தியாவின் பல பகுதிகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கேரளத்தில் இதனைக் ‘குறி’ என்பர். அம்மாநில அரசே 1969 முதல் இதற்கென ஒரு நிறுவனத்தை நடத்துகிறது. சீட்டு என்பது சேமிப்பா, கடனா என்று வாடிக்கையாளர்கள் பலர் வினவுவதுண்டு. இரண்டும் என்பதே விடை. எந்த மாதத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் தன்மை மாறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இருபது பேர் மாதம் ரூ.5,000 வீதம் இருபது மாதங்கள் கட்டும் ரூ.1,00,000 சீட்டு இது. நடத்துபவரின் தரகு 5 விழுக்காடு, அதாவது ரூ.5,000. (சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 7 விழுக்காடு.) தொடக்க மாதங்களில் பணம் தேவைப்படுவோர் பலர் இருப்பதால் ஏலக் கழிவு மிகும். முதல் ஐந்து மாதங்களில் கழிவு ரூ.30,000 எனக் கொள்வோம். அதில் தரகு போக மீதமுள்ள ரூ.25,000 இருபது பேருக்கும் பகிரப்படுவதால், ஒவ்வொருவருக்கும் ரூ.1,250 ஈவு கிடைக்கும், அம்மாதம் ரூ.3,750 கட்டினால் போதும். அடுத்த ஐந்து மாதங்களில் கழிவு ரூ.22,000, அதற்கடுத்த ஐந்தில் ரூ.14,000, இறுதி ஐந்தில் தரகு மட்டும் எனில், ஒருவர் இருபது மாதங்களில் கட்டும் மொத்தத் தொகை ரூ.87,250 ஆகும்.

கடைசி மாதத்தில் எடுப்பவர் ரூ.95,000 பெறுகிறார். ஆதாயம் ரூ.7,750. பணம் சிறுகச் சிறுகக் கட்டப்பட்டதைக் கணக்கில் கொண்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு வட்டிக்குச் சமம்.

மூன்றாம் மாதத்தில் எடுப்பவரின் நிலை வேறு. அவர் கையில் பெறுவது ரூ.70,000. அதில் அவரே அதுவரை கட்டிய ரூ.11,250 அடக்கம். ஆகவே உண்மையில் அவர் கடனாகப் பெற்றது ரூ.58,750 மட்டுமே. அதற்காக அடுத்த பதினேழு மாதங்களில் ரூ.76,000 கட்டுகிறார். இது ஆண்டுக்கு ஏறத்தாழ 35 விழுக்காடு வட்டியாகும். எனவே ஏலத்தில் கழிவு கேட்குமுன், அதே தொகைக்கு நகைக்கடனோ தனிநபர் கடனோ என்ன வட்டிக்குக் கிடைக்கும் என ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

இனி இடர் குறித்துக் காண்போம். கடைசி வரை காத்திருப்பவரின் ஆதாயம், முன்னரே எடுத்தவர்கள் தொடர்ந்து கட்டுவதைச் சார்ந்தது. மேற்கண்ட சீட்டு பதினைந்தாம் மாதத்துடன் நின்றுவிட்டால், எடுக்காத ஐவரும் தலா ரூ.62,250 கட்டியிருப்பர். ரூ.7,750 ஆதாயத்தை எதிர்பார்த்து இத்தொகை முழுவதும் ஆபத்தில் நிற்கிறது. வங்கி வைப்புகளுக்கு ரூ.5 இலட்சம் வரை கிடைக்கும் வைப்புக் காப்பீடு சீட்டுப் பணத்திற்கு இல்லை.

1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டுத் தொடங்க மாநில அரசின் சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதியும், பின்னர் தொடக்கச் சான்றிதழும் பெறவேண்டும். நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையத்தையும் அளிக்கவேண்டும். எனினும் நம் எடுத்துக்காட்டில் பிணையம் ரூ.1,00,000, ஐவருக்கும் சேரவேண்டியதோ ரூ.3,11,250. பிணையம் ஓரளவே காக்கும் என்பது இதனால் விளங்கும். அதனால்தான் சீட்டு எடுப்பவரிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள் கண்டிப்புடன் ஜாமீன் கேட்கின்றன. ஜாமீன் கேளாமல் பணம் தருவது சலுகை அன்று. பிற உறுப்பினர்களின் பாதுகாப்பு குறைகிறது என்பதன் அறிகுறி.

அண்டை வீட்டார் கூடி நடத்தும் பதிவில்லாச் சீட்டில் இந்தப் பிணையமும் இல்லை. ஏலம் எடுத்தவருக்குப் பணம் தருவதில் தாமதம், உறுப்பினர் பட்டியலைக் காட்ட மறுத்தல், பழைய சீட்டின் பாக்கியை அடைக்கப் புதுச் சீட்டில் சேருமாறு வற்புறுத்தல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இவற்றினின்றும் வேறானவை. அங்கே சேமிப்பு குழுவின் பெயரிலான வங்கிக் கணக்கில் இருக்கிறது.

குடும்பத் திட்டத்தில் சீட்டுக்குரிய இடம் எது? மருத்துவம் போன்ற திடீர்ச் செலவுக்கான பணம் முதலில் வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். ஏலத்தில் பிறர் அதிகக் கழிவு கேட்டால், வேண்டிய மாதத்தில் சீட்டு கிடைக்காமலும் போகலாம். நாள் குறித்த கல்விக் கட்டணம் போன்றவற்றிற்குத் தொடர் வைப்பே ஏற்றது. இவை போக மிஞ்சுவதில், ஈவு இன்றி முழுத் தவணையான ரூ.5,000 கட்ட நேர்ந்தாலும் இறுதி வரை தாங்கக்கூடிய தொகைக்கு மட்டுமே, பதிவு பெற்ற சீட்டில் சேரலாம்.