வினைமுற்று வரும்வரை மூச்சு தாங்குமா?

ஆவணப்படத்துக்குப் பின்னணிக் குரல் தருபவரிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள்: "முதலாம் ராஜராஜ சோழன் காலத்தில் கட்டி 1010-ல் நிறைவடைந்த, சுமார் 216 அடி உயர விமானம் கொண்ட, 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு நாள்தோறும் ஏராளமானோர் வருகிறார்கள்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. தாளில் எண்ணினால் 25 சொற்கள். ஆனால் 1987 என்ற நான்கு இலக்கங்கள் வாய்க்குள் போனதும் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு' என்று நீண்டுவிடும். மற்ற இரண்டு எண்களும் அப்படித்தான். ஆக, குரலுக்கு 29 சொற்கள். கண்ணால் மட்டும் படித்துச் சரிபார்க்கும் எழுத்தாளருக்கு இந்தச் சுமை தெரிவதே இல்லை.

நீளத்தைவிடப் பெரிய சிக்கல், மூச்சு வாங்க இடம் இல்லாதது. 'நிறைவடைந்த', 'கொண்ட', 'அறிவித்த' மூன்றும் பெயரெச்சங்கள். மூன்றும் கடைசியில் வரப்போகும் 'கோயில்' என்ற சொல்லுக்காகக் காத்திருக்கின்றன. 'அறிவித்த' என்று சொல்லி நிறுத்தினால், கேட்பவர் காதில் வாக்கியம் அறுந்து தொங்கும். அதனால் குரல் தருபவர் நிறுத்தாமல் ஓடுகிறார். கோயிலை எட்டும்போது மூச்சு தீர்ந்து, 'வருகிறார்கள்' என்பதில் கடைசி எழுத்துகள் தேய்ந்துபோகின்றன. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். செய்தியை முடித்து வைக்கும் சொல்லே கேட்காமல் போகிறது. ஓட்டம் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். அடுத்தது, அடுத்த வாக்கியத்துக்கு முன் மைக்கில் பதிவாகும் 'ஹக்' என்ற சத்தம்.

சரி, எல்லாவற்றையும் மூன்று சொல் வாக்கியங்களாக நறுக்கிவிடலாமா? அதுவும் ஆகாது. ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் குரல் கீழே இறங்கும். வரிசையாக ஆறு முறை இறங்கினால் தந்தி வாசிப்பதுபோல் இருக்கும். நான் இப்படி மாற்றுவேன்:

"தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டியவர் முதலாம் ராஜராஜ சோழன். பணி நிறைவடைந்த ஆண்டு 1010. விமானத்தின் உயரம் சுமார் 216 அடி என்பதால், கீழே நின்று உச்சியைப் பார்க்க நன்றாகவே அண்ணாந்தாக வேண்டும். 1987-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ."

இரண்டு குட்டை வாக்கியங்கள் மூச்சைச் சேமித்துக் கொடுக்கின்றன. மூன்றாவது நீளமானதுதான், ஆனால் 'என்பதால்' என்ற இடத்தில் ஒரு சின்ன மூச்சு இழுத்துக்கொள்ளலாம், பொருள் அறுபடாது. 'வந்து', 'பார்த்தால்', 'போனபோது' போன்ற சொற்களுக்குப் பின்னும் அப்படியே. ஒரு வாக்கியத்துக்கு ஓர் எண் என்பதையும் கவனியுங்கள். சேர்ந்தாற்போல் இரண்டு எண்கள் வந்தால் நாக்கு தடுமாறும், கேட்பவருக்கும் ஒன்று மறந்துபோகும். வருகிறவர்கள் பற்றிய வரியை எடுத்தே விட்டேன். கூட்டத்தைப் படமே காட்டிவிடும்.

ஒலிப்பதிவுக்கு முன் முழு ஸ்கிரிப்டையும் ஒருமுறை மைக் குரலில், அவசரப்படாமல், உரக்கப் படியுங்கள். முணுமுணுப்பாகப் படித்தால் மூச்சு அதிகம் செலவாகாது, குறையும் தெரியாது. மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு பெயரெச்சத்துக்கும் அதன் பெயருக்கும் நடுவில் கோடு விழுந்திருந்தால், அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள்.