மாடல் நாற்பது, ஏரியா பத்து: செல்போன் கடைக்கு எத்தனை பக்கம் வேண்டும்?

போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்தவர், வீட்டில் இருக்கும் இன்னொரு போனை எடுத்து கூகுளில் தட்டுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: `a52 display price velachery`. இந்த நான்கு சொல்லிலேயே போன் எது, பழுது எது, ஊர் எது என்ற மூன்று விவரமும் வந்துவிடுகின்றன. சர்வீஸ் கடைக்காரர் தன் இணையதளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வைக்கும் தலைப்பு இந்த மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டும். தேடல் முடிவுகளில் நீல நிறத்தில் தெரியும் வரி பெரும்பாலும் அந்தத் தலைப்புதான். உள்ளே போகலாமா, அடுத்ததைப் பார்க்கலாமா என்பதை வாடிக்கையாளர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

சென்னை வேளச்சேரியில் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது மாடல்களுக்கு உதிரிபாகம் கைவசம் இருக்கிறது. டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின், கேமரா, ஸ்பீக்கர், தண்ணீரில் விழுந்த போன் என ஆறு வகை வேலை நடக்கிறது. இணையதளம் செய்து தருபவர் வந்து, “வேளச்சேரி மட்டும் போதாது சார். மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, ஆதம்பாக்கம், தரமணின்னு பத்து ஏரியாவுக்கும் போட்டுடலாம்” என்கிறார். நாற்பதை ஆறால் பெருக்கி, அதைப் பத்தால் பெருக்கினால் 2,400 பக்கம். மாடல் பெயரையும் ஏரியா பெயரையும் மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினால் ஒரே நாளில் தயார். கடைக்காரருக்கும் சந்தோஷம். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

மாடலுக்கு ஒரு பக்கம் என்பதில் நியாயம் இருக்கிறது. மாடல் மாறினால் பாகம் மாறுகிறது, விலை மாறுகிறது, எச்சரிக்கையும் மாறுகிறது. சாம்சங் கேலக்ஸி ஏ52-வில் கைரேகை சென்சார் டிஸ்ப்ளேவுக்கு அடியில் இருக்கிறது. ஒரிஜினல் அமோலெட்டுக்குப் பதிலாக விலை குறைந்த டிஎஃப்டி டிஸ்ப்ளேவைப் போட்டால் படம் தெரியும், டச் வேலை செய்யும், ஆனால் கைரேகை வேலை செய்யாது. ரெட்மி நோட் 10 ப்ரோவில் அந்த சென்சார் பக்கவாட்டுப் பட்டனில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஐபோன் 11-லிருந்து ஆப்பிளின் ஒரிஜினல் அல்லாத டிஸ்ப்ளே போட்டால் செட்டிங்ஸில் அதைச் சொல்லும் குறிப்பு வந்துவிடும். மூன்று போனுக்கும் வாடிக்கையாளரிடம் மூன்று விதமாகத்தானே பேச வேண்டியிருக்கிறது? அதனால் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கமும் தனித்தனித் தலைப்பும் தகும்.

ஏரியா அப்படி அல்ல. மடிப்பாக்கத்திலிருந்து வந்த ஏ52-வுக்கும் தரமணியிலிருந்து வந்த ஏ52-வுக்கும் போடப்போவது ஒரே டிஸ்ப்ளே, வாங்கப்போவது ஒரே பணம், வேலை நடப்பது ஒரே மேசையில். எழுதப் புதிதாக ஒன்றும் இல்லாததால் பக்கங்களும் ஒன்றுபோலவே இருக்கும். வெவ்வேறு ஊர் பெயர்களைப் போட்டு ஆட்களை இழுத்து, கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுவந்து விடும் பக்கங்களை கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் ‘வாசல் பக்கங்கள்’ என்ற வகையில் வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில், தேடலில் மேலே வருவதற்காக மட்டுமே மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களுக்கும் தனியாக ஒரு விதி சேர்த்தது. அபராதம் விழாவிட்டாலும் பலன் கிடைக்காது. 2,400 பக்கத்தில் பெரும்பகுதியை கூகுள் படித்துப் பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிடலாம்.

வரைபடத்தோடு வரும் கடைகளின் பட்டியலிலும் ஏரியா பெயர் தந்திரம் செல்லாது. தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடைக்கு இருக்கும் பேர் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் அந்த வரிசை வருவதாக கூகுளே சொல்கிறது. கடை வேளச்சேரியில் இருக்கும்போது தலைப்பில் பள்ளிக்கரணை என்று எழுதினால் தூரம் குறைந்துவிடாது. `near me` என்று தலைப்பில் போடுவதும் அதே ரகம். தேடுபவர் எங்கே இருக்கிறார் என்பது கூகுளுக்கு ஏற்கெனவே தெரியும். கடை எங்கே இருக்கிறது என்பதைத்தான் பக்கம் சொல்ல வேண்டும்.

ஆகவே வேளச்சேரிக் கடைக்கு நாற்பது மாடல் பக்கங்களும், முகவரி, நேரம், வழி சொல்லும் ஒரு கடைப் பக்கமும் போதும். பேட்டரி, சார்ஜிங் பின் போன்ற வேலைகளை அந்தந்த மாடல் பக்கத்துக்குள்ளேயே விலையோடு எழுதிவிடலாம். அதிகம் பேர் தேடிவரும் சில மாடல்களுக்கு மட்டும் டிஸ்ப்ளேவுக்குத் தனிப் பக்கம் வைக்கலாம். மடிப்பாக்கம், ஆதம்பாக்கத்துக்கு ஆள் அனுப்பி போனை வாங்கி வருவது உண்டென்றால், அதைக் கடைப் பக்கத்தில் இரண்டு வரியில் சொன்னால் தீர்ந்தது.

இனி தலைப்பு. இப்படி ஒன்றை நிறையக் கடைகளில் பார்க்கலாம்:

```
Best Mobile Service Centre in Chennai | Mobile Repair Near Me | Samsung iPhone Redmi Vivo Oppo | Low Price
```

ஏ52 வைத்திருப்பவர் இதில் தன் போனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேடல் முடிவில் வரியின் பாதி வெட்டுப்பட்டும் போகும். கூகுள் இத்தனை எழுத்துதான் என்று விதி எதுவும் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. ஆங்கிலத்தில் சுமார் 60 எழுத்துக்குள் முடித்துவிட்டால் பெரும்பாலும் முழுதாகத் தெரியும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் தமிழ்த் தலைப்பு இன்னும் சுருக்கமாக இருப்பது நல்லது. அதே பக்கத்துக்கு இப்படி எழுதலாம்:

```
<title>Galaxy A52 Display Replacement in Velachery, Chennai</title>
```

இது 52 எழுத்து. முன்னால் `Samsung` சேர்த்தாலும் 60-ல் நின்றுவிடும். மாடல் முதலில், வேலை அடுத்து, இடம் கடைசியில். வரி வெட்டுப்பட்டாலும் முக்கியமானது பிழைத்துக்கொள்ளும். மெக்கானிக்குகளுக்குள் ‘காம்போ’ என்று பேசிக்கொள்ளலாம், ஆனால் வாடிக்கையாளர் டிஸ்ப்ளே என்றுதான் தேடுவார். விலையைத் தலைப்பில் போடாமல் பக்கத்துக்குள் வைப்பது மேல், ஏனென்றால் டிஸ்ப்ளே விலை ஏறி இறங்கும்போது நாற்பது தலைப்பையும் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது. நிறுவனத்தின் அங்கீகாரம் இல்லாமல் `Authorised` என்று போடுவது பொய்.

வேளச்சேரியோடு சென்னையும் ஏன்? இந்தப் பெயருக்குக் குழப்பம் குறைவு. ஆனால் அண்ணா நகர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. கே.கே. நகர் சென்னை, மதுரை, திருச்சி மூன்றிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஊர் பெயர் இல்லாத தலைப்பு பாதித் தலைப்புதான். எல்லாப் பக்கத்திலும் ஒரே முறையில் போட்டுவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

மாடல் பெயரில்தான் உண்மையான கவனம் தேவை. ஏ52 என்று கடைக்கு வருவது மூன்று போன்களில் எதுவாகவும் இருக்கலாம்: ஏ52, ஏ52 5ஜி, ஏ52எஸ் 5ஜி. செட்டிங்ஸில் `About phone` பகுதியில் இவை முறையே `SM-A525F`, `SM-A526B`, `SM-A528B` என்று தெரியும். தலைப்பில் எல்லோரும் அறிந்த பெயரை வைத்துவிட்டு, எண்களைப் பக்கத்தின் முதல் பத்தியில் எழுதி, எங்கே பார்ப்பது என்றும் சொல்லிவிடலாம். வாடிக்கையாளர் எண்ணைச் சரிபார்த்துவிட்டு வந்தால், தவறான பாகத்தை வரவழைக்கும் வேலை மிச்சம்.

இதைவிடக் குழப்பமானது ரெட்மி நோட் 10 ப்ரோ. 2021-ல் இந்தியாவில் ப்ரோ, ப்ரோ மேக்ஸ் என இரண்டு வந்தன. ப்ரோவில் 64 மெகாபிக்சல் கேமரா, மேக்ஸில் 108. வெளிநாடுகளில் 108 மெகாபிக்சல் போனே வெறும் ‘நோட் 10 ப்ரோ’ என்ற பெயரில் விற்றது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் கொண்டுவந்த நோட் 10 ப்ரோ, நம் ஊர்க் கணக்கில் ப்ரோ மேக்ஸ். ஒரே பாகம் இரண்டுக்கும் பொருந்துகிற வேலைக்கு `Redmi Note 10 Pro / Pro Max` என்று ஒரே தலைப்பில் சேர்த்துவிடலாம். கேமராவுக்கு அப்படிச் சேர்த்தால், தவறான கேமராவோடு வாடிக்கையாளர் முன்னால் நிற்க வேண்டிவரும். பாகமும் விலையும் ஒன்றானால் ஒரு பக்கம், வேறானால் வேறு பக்கம் என்பதே கணக்கு.

சில நேரம் நாம் எழுதிய தலைப்பு ஒன்று, கூகுளில் தெரிவது வேறொன்றாக இருக்கும். கூகுள் தானாக மாற்றி எழுதுகிறது. எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைப்பும் பக்கத்தில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டாலோ, பக்கத்தின் உள்ளே இருக்கும் பெரிய எழுத்துத் தலைப்பையோ, வேறு பக்கங்கள் இணைப்பாகக் கொடுத்த சொற்களையோ எடுத்துப் போட்டுவிடும். அப்படி மாற்றியிருந்தால் கோபப்படுவதை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் பெரிய தலைப்பு அதே மாடலைச் சொல்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். ஏ51 பக்கத்தை நகலெடுத்து ஏ52 ஆக்கியபோது உள்ளே ஏ51 என்றே விட்டுப்போவது அடிக்கடி நடக்கிற தவறு.

ஏரியாவுக்குத் தனிப் பக்கம் நியாயமாகும் இடமும் உண்டு: அங்கே உண்மையிலேயே கிளை இருந்தால். தாம்பரத்தில் கிளை திறந்தால் கிழக்கா மேற்கா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போவதும் இந்தப் பக்கம் வருவதும் வேறு வேறு வேலை. அந்தக் கிளைக்கென்று முகவரி, நேரம், அங்கேயே முடியும் வேலை எது, வேளச்சேரிக்கு அனுப்பி இரண்டு நாளில் தருவது எது என்று எழுத நிறைய இருக்கும். கூகுள் வரைபடக் கணக்கிலும் கிளைக்குத் தனிப் பதிவு வேண்டும். ஆனால் அதில் கடையின் பெயர்ப் பலகையில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும், மாடலையும் ஏரியாவையும் பெயரோடு ஒட்டுவது விதிமீறல்.

ஏற்கெனவே 2,400 பக்கம் போட்டு மாட்டிக்கொண்டவருக்கு வழி இருக்கிறது. கூகுளின் இலவச சர்ச் கன்சோலில் எத்தனை பக்கம் `Crawled - currently not indexed` என்ற வரிசையில் கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, `Performance` பகுதியில் எந்தப் பக்கத்துக்கு என்ன சொல்லால் ஆள் வருகிறார்கள் என்பது தெரியும். ஒரே தேடலுக்கு இரண்டு மூன்று பக்கங்கள் மாறி மாறி வந்தால் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அர்த்தம். ஏ52-வுக்கான பத்து ஏரியா பக்கங்களில் பயனுள்ள வரிகளை ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து, மற்ற ஒன்பதையும் 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பல் மூலம் அதற்கே அனுப்பிவிடலாம். சும்மா அழித்துவிட்டால், பழைய இணைப்பைத் தட்டி வருபவர் வெற்றுப் பக்கத்தில் வந்து நிற்பார். மாற்றம் தேடலில் தெரிய சில வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் தலைப்பைத் தினம் ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தால் எது பலித்தது என்றே தெரியாமல் போய்விடும்.