கைப்பிடியின் பலம் எத்தனை கிலோ?

அரூர் வட்டாரத்துக் கரும்பு கோபாலபுரத்தில் இருக்கும் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகிறது. அரவைப் பருவத்தில் வெட்டுக்கு வரும் ஆட்கள் காலையில் கத்தியைப் பிடித்தால் வெயில் ஏறும்வரை கீழே வைப்பதில்லை. தூரை ஒட்டி வெட்டுவது, தோகையைக் கழிப்பது, கொழுந்தாடையை நறுக்குவது எல்லாம் ஒரே கைதான் செய்கிறது. வியர்வையில் வழுக்கும் பிடியை ஒவ்வொரு வீச்சிலும் அந்தக் கை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கத்தி காலில் இறங்கும். இரண்டு மணி நேர வெட்டுக்குப் பிறகு அந்தப் பிடி எவ்வளவு தளர்கிறது என்பது பணிச்சூழலியல் வகுப்பு எடுத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி. அதற்கு விடை சொல்லும் கருவியை ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம்.

மருத்துவமனைகளில் பிடிவலிமைமானி புதிதல்ல. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஜமார் என்ற கருவி 1950களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பிடி வலிமை கையோடு நின்றுவிடும் விஷயமும் அல்ல. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று 2015-இல் லான்செட் இதழில் வெளியானது. பிடி 5 கிலோ குறைந்தால் இறப்புக்கான வாய்ப்பு சுமார் 16 சதவீதம் கூடுதலாக இருப்பதை அது காட்டியது. ஆசிய நாடுகளின் முதியோர் தசைத்தேய்வுக்கான 2019 வரையறையில் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் பலவீனமான பிடி என்று கணக்கு.

நாம் செய்யப்போகும் கருவியில் எண்ணெய்க்குப் பதில் லோடு செல். மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் தட்டுக்கு அடியில் இருப்பதும் இதே உறுப்புதான். விரல் நீள அலுமினியக் கட்டை, அதன் நடுவில் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு துளைகள். துளைகளுக்கு மேலும் கீழும் உலோகம் மெலிந்திருக்கும் இடங்களில் நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்கள் ஒட்டியிருக்கும். சுமை ஏறும்போது கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. இரண்டு கேஜ்கள் நீள்கின்றன, இரண்டு சுருங்குகின்றன. நீண்டதன் மின்தடை கூடுகிறது, சுருங்கியதன் மின்தடை குறைகிறது. நான்கையும் வீட்ஸ்டோன் சுற்றாக இணைத்திருப்பதால் அந்தச் சிறு வேறுபாடு மின்னழுத்தமாக வெளியே வருகிறது.

எந்தக் கொள்ளளவு வாங்குவது? இளைஞர்களில் பலர் 40 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டுவார்கள். அதனால் 100 கிலோ கட்டையே சரி. விலை குறைவென்று 20 கிலோ கட்டையை வாங்கினால் பலசாலி ஒருவர் பிடித்ததும் அது நிரந்தரமாக வளைந்துவிடும். கையை எடுத்த பிறகும் திரையில் சுழியம் திரும்பாமல் இருப்பதே அதற்கு அடையாளம்.

கட்டையின் ஒரு முனையில் உள்ளங்கைக்கான பிடி, எதிர் முனையில் விரல்களுக்கான பிடி. இடையில் தகடு கொடுத்து இரண்டும் எங்கும் உரசாமல் நிற்கும்படி மரைகளை முறுக்க வேண்டும். இரண்டு பிடிகளும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கட்டும் என்று சிலர் வழிகாட்டிக் கம்பிகளைச் செருகுவார்கள். அது வேண்டாம். கம்பி உரசினால் விரல் கொடுத்த விசையில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும், லோடு செல்லுக்கு மிச்சம்தான் வந்து சேரும்.

அடுத்தது அளவீட்டைச் சரிபார்ப்பது. லோடு செல்லோடு வரும் தாளில் 2 மில்லிவோல்ட்/வோல்ட் என்று போட்டிருந்தால், முழுச் சுமையான 100 கிலோவுக்கு, கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட் கிடைக்கும் என்று பொருள். 5 வோல்ட் கொடுத்தால் 100 கிலோவுக்கு 10 மில்லிவோல்ட், 40 கிலோ பிடிக்கு வெறும் 4 மில்லிவோல்ட். இதை HX711 என்ற சிறு சில்லு 128 மடங்கு பெருக்கி 24 பிட் எண்ணாக மாற்றுகிறது. கணக்குப் போட்டால் கிலோவுக்குச் சுமார் 42,950 வர வேண்டும்.

கணக்கை அப்படியே நம்பாமல் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்ளங்கைப் பிடியை மேசை வைஸில் இறுக்கிவிட்டு, விரல் பிடியில் கயிறு கட்டி, முத்திரையிட்ட 5, 10, 20 கிலோ கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட வேண்டும். சுமை இல்லாதபோது 61,200, 10 கிலோவுக்கு 4,90,700 என்று எண்கள் வந்தால் வித்தியாசம் 4,29,500. கிலோவுக்கு 42,950, கணக்கோடு ஒத்துப்போகிறது. நிரலில் எழுத வேண்டியது ஒரு வரிதான்:

```
kg = (raw - zero) / 42950.0;
```

சுமை ஏற ஏற எண் இறங்கினால் A+, A− கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. அவற்றை மாற்றிச் செருகினால் போதும்.

இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. கற்களை ஏற்றியது போலவே இறக்கியும் பார்க்க வேண்டும். ஏறும்போது 10 கிலோவுக்கு 9.4, இறங்கும்போது அதே 10 கிலோவுக்கு 10.5 என்று காட்டினால் எங்கோ உரசல் இருக்கிறது. மரையைத் தளர்த்தி, இடைவெளியைப் பார்த்துத் திரும்ப முறுக்க வேண்டும். பிறகு அதே 10 கிலோவை ஆள்காட்டி விரல் படும் இடத்திலும், சுண்டுவிரல் படும் இடத்திலும் மாற்றித் தொங்கவிடுங்கள். இரட்டைத் துளைக் கட்டையின் சிறப்பே, சுமை கொஞ்சம் இடம் மாறினாலும் ஒரே எண்ணைக் காட்டுவதுதான். இரண்டுக்கும் அரைக் கிலோ வித்தியாசம் வந்தால் அந்தக் கருவி ஒவ்வொருவரும் பிடிக்கும் விதத்துக்கு ஏற்ப ஒவ்வொரு எண் சொல்லும். மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் சோதனை இது. என்னைக் கேட்டால், மதிப்பெண்ணில் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

திரையில் கிராம் வரை எண் ஓடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே ஆள் அடுத்தடுத்துப் பிடித்தாலே ஒன்றிரண்டு கிலோ மாறும். அதற்குக் காரணம் கருவி அல்ல, உடம்பு. எனவே ஒரு தசமத்துக்கு மேல் காட்டத் தேவையில்லை. பிடிக்கும் முறையை ஒன்றாக வைத்துக்கொள்வதுதான் முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து, தோளை உடம்போடு ஒட்டி, முழங்கையை 90 பாகைக்கு மடக்கி, மணிக்கட்டை நேராக வைத்து, மூச்சை அடக்காமல் மூன்று விநாடி பிடிக்க வேண்டும். நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை. பிடிகளின் இடைவெளியும் எண்ணை மாற்றும். ஜமார் கருவியில் ஐந்து நிலைகள் உண்டு. வழக்கமாகப் பயன்படுவது இரண்டாவது, சுமார் 4.8 சென்டிமீட்டர். நம் கருவிக்கும் அதையே வைத்தால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடலாம். அண்மையில் கையில் அறுவை சிகிச்சையோ முறிவோ ஆனவர்களைப் பிடிக்கச் சொல்லக் கூடாது.

இனிக் கரும்புத் தோட்டத்துக்குப் போகலாம். ஓர் ஆள் வேலைக்கு முன் மூன்று முறை பிடித்து 33, 32, 31 காட்டுகிறார், சராசரி 32. இரண்டு மணி நேரம் வெட்டிய பிறகு 28, 27, 26, சராசரி 27. குறைவு 5 கிலோ, கிட்டத்தட்ட 16 சதவீதம். முயற்சிக்கு முயற்சி ஒரு கிலோதான் ஆடுகிறது என்பதால் இந்த 5 கிலோவை அயர்வு என்று நம்பலாம். ஒரு கிலோ மட்டும் குறைந்திருந்தால் எதையும் சொல்ல முடியாது. 27 என்பது 28-க்குக் கீழே இருப்பதால் அவருக்குத் தசைத்தேய்வு என்று எழுதிவிடவும் கூடாது. அந்த வரையறை ஓய்வாக இருக்கும் முதியவர்களுக்கானது. அதே ஆள் மறுநாள் பிடியில் ரப்பர் டியூப் சுற்றிய கத்தியால் அதே நேரம் வெட்டி, குறைவு 2 கிலோவாகச் சுருங்கினால், பிடி மாற்றம் உதவியதற்கு முதல் தடயம் கிடைத்துவிடும். இன்னும் பத்துப் பேரிடம் பார்த்த பிறகுதான் அதை முடிவாகச் சொல்லலாம்.

ஒவ்வோர் எண்ணோடும் எந்தக் கை, பிடிகளின் இடைவெளி எவ்வளவு, எழுதியிருப்பது உச்சமா சராசரியா, கடைசியாக எடைக்கல்லில் சரிபார்த்த தேதி எது என்பதையும் குறித்துவையுங்கள். இந்த நான்கும் இல்லாத எண்ணை அடுத்த ஆண்டு மாணவர்களால் பயன்படுத்தவே முடியாது.