ராக்கித் தட்டு

மகர்பட்டாவில் ரக்ஷா பந்தனன்று உடன்பிறந்தானுக்காகச் சகோதரி அமைக்கும் தட்டில் அட்சதை முதலிடம் பெறும். ‘அட்சதை’ என்றால் முறியாதது என்று பொருள். ஆகவே நொய்யை நீக்கி, முழு அரிசியை மட்டும் எடுப்பர். குங்குமத்தைச் சில துளி நீர் விட்டுக் குழைப்பர். நீர் மிகுந்தால் திலகம் மூக்கின்மேல் வழியும். குறைந்தால் அதன்மேல் வைக்கும் அரிசி ஒட்டாமல் உதிரும். ஆரத்தி எடுக்கையில் தட்டு சுழலும். அப்போது சிறிய நெய்விளக்கு நகரக்கூடும். எனவே அதனை ராக்கியின் பட்டு நூலுக்கு எட்டாத மறுபுறத்தில் வைப்பர். இனிப்பாக, மராட்டியர் வீடுகளில் வெல்லமும் தேங்காயும் சேர்த்த ‘நாரளி பாத்’ என்னும் சோறு இடம்பெறும். மீனவர் கடலுக்குத் தேங்காய் படைக்கும் நாரளி பௌர்ணமியும் அன்றுதானே! பெரும்பாலும் நம் ஆவணி அவிட்டமும் அந்நாளிலேயே வரும்.