சூட்டில் பிரியும் கரிவாயு

வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்ப்ராயிக் அமிலம், அசெட்டிக் அமிலத்தின் உறவுக்காரன்தான். அதன் மெத்தில் கார்பனில் இரண்டு புரோப்பைல் கிளைகளை ஒட்டினால் இது கிடைக்கும். ஆனால் அசெட்டிக் அமிலத்தில் நேரடியாகக் கிளை ஒட்டுவது எளிதல்ல. அதனால் வேதியியலர் மலோனிக் எஸ்டரில் தொடங்குகிறார்கள்.

அதன் நடுக் கார்பனுக்கு இருபுறமும் கார்பனைல் இருப்பதால், அங்குள்ள ஹைட்ரஜனைச் சோடியம் எத்தாக்சைடு சுலபமாகக் கழற்றிவிடும். அந்த இடத்தில் புரோப்பைல் புரோமைடு வந்து சேரும். இதையே இன்னொரு முறை செய்து, காரத்தில் கொதிக்க வைத்து எஸ்டரை உடைத்து, பிறகு அமிலம் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிடக் கூடாது. உப்பாகவே இருந்தால் அடுத்த படி நடக்காது.

இப்போது சூடாக்கினால் ஒரு கார்பாக்சில் தொகுதியின் ஹைட்ரஜன், எதிரிலுள்ள கார்பனைலின் ஆக்சிஜனுக்குத் தாவுகிறது. ஆறு அணுக்கள் கணநேரம் வளையமாகி, கார்பன் டைஆக்சைடு பிரிகிறது. பீட்டா கீட்டோ அமிலங்களும் இப்படித்தான் அதை இழக்கின்றன, இன்னும் குறைந்த சூட்டிலேயே. மிஞ்சிய கார்பாக்சில் தொகுதிக்குத் தாவ எதிரில் கார்பனைல் இல்லை; ஆகவே அது நிலைத்துவிடுகிறது.

வெளியேறும் வாயு சுண்ணாம்பு நீரைப் பாலாக்கும். குமிழி நின்றால் வினை முடிந்தது. ஒரே ஒரு கிளை மட்டும் ஒட்டியிருந்தால் கிடைப்பது பென்டனாயிக் அமிலம். அது ஏறத்தாழ 186 டிகிரியில் கொதிக்கும். வால்ப்ராயிக் அமிலமோ 220 டிகிரியை ஒட்டி. காய்ச்சி வடித்து இரண்டையும் பிரிக்கலாம்.